e-க்கு ஒரு தமிழ்ப் பெயர்: மீட்சியா, மீள்வேகமா?

மீனா, அங் மோ கியோ

அனைவருக்கும் வணக்கம். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் நால்வருக்குச் சனிக்கிழமைகளில் இயக்கவியலைத் தமிழில் விளக்கி வருகிறேன். சென்ற வாரக் கணக்கு இது: பந்து 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, e = 0.75, மறுபடி எவ்வளவு உயரம் எழும்? ஆங்கிலத்தில் coefficient of restitution எனப்படும் e, மோதியபின் உள்ள வேகத்துக்கும் மோதும்முன் உள்ள வேகத்துக்கும் இடையிலான விகிதம். நான் அதற்கு "மீட்சிக் குணகம்" என்று எழுதியிருந்தேன். மூவர் 2-ஐ 0.75-ஆல் பெருக்கி 1.5 மீட்டர் என்றார்கள். எது மீள்கிறது என்று பெயர் சொல்லாததால், கண்ணுக்குத் தெரியும் உயரத்தையே எடுத்துக்கொண்டார்கள். வேறு பெயர் உண்டா?

ரவி, ஈசூன்

மீனா அக்கா, உயர விகிதத்துக்கே பெயர் வைத்துவிடலாமே. "மீளுயர விகிதம்" என்றால் யாருக்கும் புரியும். அது e-யின் வர்க்கம், இங்கே 0.5625. உயரங்கள் 1.125, 0.633, 0.356 என்று இறங்கும். ஒவ்வோர் உயரத்தையும் பந்து ஏறி இறங்குவதால், மொத்தத் தூரம் 2 × 2 ÷ (1 − 0.5625), அதாவது 9.14 மீட்டர். பெருக்குத் தொடர் ஒரே வரியில் முடிந்துவிடும்.

சண்முகம், தெம்பனிஸ்

தம்பி ரவி, உயரங்கள் சரி, மொத்தம் 2 மீட்டர் கூடிவிட்டது. முதல் 2 மீட்டரைப் பந்து ஏறவில்லை, நாம் கையில் பிடித்திருந்து விட்டோம். அதை ஒருமுறைதான் எண்ண வேண்டும், விடை 7.14 மீட்டர். மீனாவின் மாணவர்கள் 0.75-ஐ உயர விகிதமாகவே வைத்துத் தொடரைக் கூட்டியிருந்தால் 14 மீட்டர் வந்திருக்கும், ஏறக்குறைய இருமடங்கு!

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பந்து நொடிக்கு 6.26 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது, 4.70 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. e என்பது இந்த இரண்டின் விகிதம். உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால்தான் உயரத்தில் e² வருகிறது. ஆகவே பெயருக்குள் "வேகம்" இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலும், "மீட்சிக் குணகம்" என்றால் கம்பியை இழுத்து நீட்டும் பாடம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். "மீள்வேக விகிதம்" என்று முன்மொழிகிறேன்.

மாணவர்களை வீவக புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்று, பந்து தரையில் படும் ஒலியைக் கைப்பேசியில் பதியச் சொல்லுங்கள், மீனா. முதல் இரண்டு ஒலிகளுக்கு இடையே 0.96 நொடி, அடுத்து 0.72, அடுத்து 0.54. காற்றில் இருக்கும் நேரம் கிளம்பும் வேகத்துக்கு நேர்விகிதம் என்பதால், அடுத்தடுத்த இடைவெளிகளின் விகிதம் நேரடியாக e-ஐயே தருகிறது. உயரத்தை அளந்தால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பந்தின் அடியை அளப்பதா உச்சியை அளப்பதா என்ற குழப்பமும் சேரும்.

பால்ராஜ், பூன் லே

நான் ஸ்குவாஷ் ஆடுகிறவன். புதுப்பந்து முதலில் எழும்பவே எழும்பாது. நாலைந்து நிமிடம் அடித்துச் சூடேற்றியபின்தான் துள்ளும். பந்தின் உயிர்ப்பைச் சொல்லத்தான் பெயர் தேடுகிறீர்கள் என்றால், "துள்ளல் குணகம்" என்று வையுங்கள். எங்கள் ஆட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும்.

சண்முகம்

பால்ராஜ், சூடேறினால் e கூடுகிறது என்பது உண்மை, நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இது பந்துக்கு மட்டும் உரிய எண் அன்று. அதே பந்தைப் புல்லில் போட்டால் வேறு எண் கிடைக்கும். பன்னாட்டு டென்னிஸ் விதிகளும் 254 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்று சொல்லும்போது, எந்தத் தளத்தில் என்பதையும் சேர்த்தே வரையறுக்கின்றன. கணக்கிட்டால் e 0.73 முதல் 0.76 வரை. இரண்டு தள்ளுவண்டிகள் மோதினாலும் e உண்டு. அங்கே துள்ளல் ஏது?

கௌரி, செங்காங்

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். எங்கள் பிரயோக கணிதப் பாடத்தில் இதை "மீளமைவுக் குணகம்" என்றே எழுதினோம். ஏற்கெனவே ஒரு நாட்டில் தேர்வு எழுதும் சொல் இருக்க, புதிதாக ஏன்? இன்னொன்று, தள்ளுவண்டிகள் இரண்டும் நகரும்போது "மீள்வேகம்" எதனுடைய வேகம்? அங்கே எடுக்க வேண்டியது விலகும் வேகத்துக்கும் நெருங்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம். ஐயாவின் சொல் தரையில் விழும் பந்துக்குப் பொருந்துகிறது, மோதலுக்குத் தடுமாறுகிறது.

சண்முகம்

கௌரி, நீங்கள் தொட்ட குறை உண்மையானது. தரை அசையாததால் பந்தின் வேகமே சார்புவேகமாகிவிடுகிறது. என் சொல் அந்தச் சலுகையில் நிற்கிறது. ஆனால் "மீளமைவு" வடிவம் மீள்வதைச் சொல்கிறதே தவிர, 1.5 மீட்டர் என்று எழுதிய பிள்ளைகளைத் தடுக்காது.

மீனா

இந்தச் சனிக்கிழமை இரண்டு பெயர்களையும் பலகையில் எழுதுகிறேன். முதலில் ஒலியைப் பதிவு செய்துவிட்டு, அதன்பின் கணக்கைக் கொடுக்கிறேன். யார் 1.125 என்று எழுதுகிறார்கள், எந்தப் பெயரைப் பார்த்து எழுதினார்கள் என்று திங்களன்று தெரிவிக்கிறேன்.