சாட்டில் வந்த அழைப்பை மாற்றி எழுத உதவி: பயிற்சியும் பிரிவு உபசாரமும் ஒரே மெசேஜில் இருக்கிறது

கவி_கடலூர்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். எங்கள் மேனேஜர் குரூப்பில் போட்டது இது:

> ஹாய் ஆல், வர்ற வெள்ளி ட்ரெயினிங் இருக்கு, போன தடவ நடந்த அதே இடம். காலைல சீக்கிரம் வந்துடுங்க. லேப்டாப் இருக்கறவங்க கொண்டாங்க. சாயங்காலம் அப்படியே நம்ம அக்கவுண்டன்ட் சாருக்கு சென்ட் ஆஃப், சின்னதா கேக் கட்டிங். எல்லாரும் வாங்க 🙏

இதை நல்லபடியாக எழுதி பண்ருட்டி, விருத்தாசலம், புதுச்சேரி கிளைகளுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் எழுதி வைத்திருப்பது:

> அன்புடையீர், வணக்கம். வருகின்ற வெள்ளிக்கிழமை காலை நமது நிறுவனத்தின் சார்பில் பயிற்சிப் பட்டறை நடைபெற உள்ளது. அதனைத் தொடர்ந்து மாலையில் பிரிவு உபசார விழா நடைபெறும். அனைவரும் தவறாது கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அனுப்பும் முன் புதுச்சேரி கிளைத் தோழியிடம் காட்டினேன். எந்த வெள்ளி, எங்கே, டெலிவரி பசங்களும் வரணுமா, வீட்டுக்காரரைக் கூட்டிவரலாமா என்று வரிசையாகக் கேட்கிறாள். இதில் என்ன மாற்ற வேண்டும்?

செல்வா_பாண்டி

தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளி என்று மட்டும் போடாமல் தேதியையும் சேர்த்துப் போடுங்கள், அது போதும். அப்புறம் இதை டிசைன் பண்ணி படமாக அனுப்புங்கள். எழுத்தாகப் போட்டால் எங்கள் ஆபீசில் ஒருத்தரும் படிப்பதில்லை.

ஓய்வு_சூப்பிரண்டு

செல்வா தம்பி சொன்ன தேதி விஷயம் சரி. வியாழக்கிழமை இந்த மெசேஜைப் பார்ப்பவர் நாளைக்கா, அடுத்த வாரமா என்று குழம்பத்தான் செய்வார். படம் மட்டும் வேண்டாம். மண்டபப் பெயரை நகலெடுத்து மேப்பில் போடுவது சிரமம், நேரம் மாறினால் பழைய படம்தான் ஊர் சுற்றும். படம் போட்டே ஆகவேண்டும் என்றால் கீழே அதே விவரத்தை எழுத்திலும் போடுங்கள்.

கவி, உங்கள் வரைவில் சட்டை மட்டும்தான் மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள். மேனேஜர் சொல்லாமல் விட்டதை நீங்களும் சொல்லவில்லை. அதை நீங்களாக ஊகித்து நிரப்பவும் கூடாது, எழுந்துபோய் அவரையே கேட்க வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், பயிற்சி எதைப் பற்றி, யார் வந்தே தீரவேண்டும், குடும்பம் உண்டா இல்லையா. பயிற்சி எதற்கு என்பது தெரிந்தால்தான் யார் கிளையிலேயே இருக்கலாம் என்பது தெரியும்.

இன்னொன்று, இதை இரண்டு அழைப்பாகப் பிரியுங்கள். பயிற்சிக்கு வருவது வேலை, வராவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பிரிவு உபசாரம் அன்புக்கு வருவது. இரண்டுக்கும் சேர்த்து ‘தவறாது’ என்று எழுதினால் கேக் வெட்டுவதற்கும் வருகைப் பதிவேடு போடுவார்களோ என்று நினைப்பார்கள்.

வில்லியனூர்_மீனா

எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப்போகிறோம். ‘நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, கீழே பெரியப்பா பெயர் முதலில் வரவேண்டுமா, மாமா பெயரா?

செல்வா_பாண்டி

அக்கா, இது ஆபீஸ் அழைப்பு. பெரியப்பா பெயரையே முதலில் போட்டுவிடுங்கள், வம்பு வேண்டாம்.

கவி_கடலூர்

கேட்டுவிட்டு வந்தேன். 14-11-2025, வெள்ளி. பயிற்சி காலை 10 முதல் 1 வரை, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பழைய கிடங்கின் மாடியில். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே போகும் சரக்குக்கு இ-வே பில் போடுவதில் வண்டி எண், பின்கோடு எல்லாம் தப்பாகப் போகிறதாம், அதற்காகத்தான். பில் போடுபவர்கள் வந்தால் போதும். பிரிவு உபசாரம் மாலை 5 மணிக்கு, மஞ்சக்குப்பம் அலுவலகத்தில். குடும்பம் பற்றிக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்றார்.

ஓய்வு_சூப்பிரண்டு

பார்த்தீர்களா, இடமே இரண்டு. ஒரு மணிக்கு முடிந்தால் விருத்தாசலத்துக்காரர்கள் ஐந்து வரை எங்கே உட்காருவார்கள்? இதையும் மேனேஜரிடம் சொல்லுங்கள். இப்போதைக்கு பயிற்சி அழைப்பு இப்படி இருக்கட்டும்:

> இ-வே பில் பயிற்சி: 14-11-2025, வெள்ளி, காலை 10 முதல் 1 வரை
>
> இடம்: நம் பழைய கிடங்கு, முதல் மாடி, திருப்பாதிரிப்புலியூர்
>
> கடலூர், புதுச்சேரி இடையே செல்லும் சரக்குக்கு இ-வே பில் போடும்போது வண்டி எண்ணிலும் பின்கோடிலும் நேரும் பிழைகளைச் சரிசெய்யவே இந்தப் பயிற்சி. ஒவ்வொரு கிளையிலும் பில் போடுபவர்கள் கட்டாயம் வரவேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் கிளையில் இருக்கலாம்.
>
> லேப்டாப் இருந்தால் சார்ஜருடன் கொண்டு வாருங்கள். வருபவர்கள் பெயரை 12-11-2025, புதன் மாலை 5 மணிக்குள் கவிக்கு அனுப்புங்கள்.

தலைப்பு வரியிலேயே என்ன, எப்போது என்று வந்துவிட வேண்டும். போனில் மெசேஜைத் திறக்காமல் மேலே தெரியும் துண்டு அதுதான். ‘அன்புடையீர்’ அங்கே உட்கார்ந்தால் தேதி மறைந்துவிடும்.

விருதை_வாசு

நான் விருத்தாசலம். இடத்துக்கு ‘ஸ்டேஷன் பக்கம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடலூரில் ஸ்டேஷன் இரண்டு. எங்கள் பக்கத்து ரயிலில் வருபவர் முதுநகரில் துறைமுகம் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவார், திருப்பாதிரிப்புலியூர் அதற்கு அடுத்தது. எந்த ஸ்டேஷன் என்று பெயரோடு போடுங்கள். நவம்பர் மாதம் வேறு. கலெக்டர் மழை லீவு விட்டால் பயிற்சி உண்டா? அந்த லீவு பெரும்பாலும் பள்ளி, கல்லூரிக்குத்தான், ஆனால் காலையில் அத்தனை பேரும் அதைத்தான் கேட்பார்கள்.

ஓய்வு_சூப்பிரண்டு

நல்ல கேள்வி. ‘மழையால் மாற்றம் இருந்தால் வெள்ளி காலை 7 மணிக்குள் இதே குரூப்பில் சொல்கிறோம்’ என்று ஒரு வரி சேருங்கள், கவி. விருத்தாசலத்துக்காரர் கிளம்பும் முன் தெரியவேண்டும், அதனால்தான் 7.

செல்வா_பாண்டி

‘கட்டாயம்’ என்பது கொஞ்சம் அதட்டலாக இல்லையா? ‘வந்தால் நல்லது’ என்று போடலாமே.

ஓய்வு_சூப்பிரண்டு

‘வந்தால் நல்லது’ என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள், அவர்களைக் கோபிக்கவும் முடியாது.

செல்வா_பாண்டி

எங்கள் ஆபீசில் ‘கட்டாயம்’ என்று போட்டதற்கே இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள் சார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கவி_கடலூர்

மேனேஜரிடம் இடைவெளியைச் சொன்னதும் பிரிவு உபசாரத்தை மூன்று மணிக்கு, அதே கிடங்கு மாடிக்கே மாற்றிவிட்டார். மதியச் சாப்பாடும் அங்கேயே. இரண்டாவது அழைப்பு இப்படி எழுதியிருக்கிறேன்:

> நம் அக்கவுண்டன்ட் சாருக்குப் பிரிவு உபசாரம்: 14-11-2025, வெள்ளி, மாலை 3 முதல் 4.30 வரை
>
> பணி ஓய்வு பெறும் சாரை வாழ்த்தி வழியனுப்ப, திருப்பாதிரிப்புலியூர் பழைய கிடங்கின் முதல் மாடியில் கூடுகிறோம். எல்லாக் கிளைகளிலிருந்தும் வர முடிந்தவர்கள் வாருங்கள். அவரோடு வேலை பார்த்த நாட்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேச விரும்புபவர்கள் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள்.

ஓய்வு_சூப்பிரண்டு

இது நன்றாக வந்திருக்கிறது. ‘அதே நாள், அதே இடம்’ என்று போடாமல் தேதியையும் இடத்தையும் திரும்ப எழுதியதும் சரி, டெலிவரி பையன்கள் முதல் அழைப்பைப் படித்திருக்க மாட்டார்கள். மூன்று மணியை மட்டும் ‘பிற்பகல்’ என்று மாற்றுங்கள். முதல் அழைப்பில் மதியச் சாப்பாடு உண்டு என்பதையும் சேருங்கள். பரிசுக்குப் பணம் வசூலிப்பதாக இருந்தால் இதில் எழுதாதீர்கள், சார் கண்ணில் படும்.

விருதை_வாசு

குடும்பம் உண்டா இல்லையா?

கவி_கடலூர்

இன்னும் ‘பார்க்கலாம்’தான். முதல் அழைப்பை மழை வரியும் சாப்பாடும் சேர்த்து இன்றே அனுப்பிவிட்டேன். அவர் வாயைத் திறக்கும்வரை இரண்டாவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.