அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் கருவிக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம். உயரமான அலமாரி முன்பக்கம் விழுந்துவிடாதபடி அதன் தலைப்பகுதியைச் சுவரோடு இணைக்கும் வாருக்கும் கோணத்தகட்டுக்கும் பொதுப்பெயர் ஒன்று, நான் தமிழாக்கும் பொருத்துதல் கையேட்டுக்குத் தேவைப்படுகிறது. ‘கவிழ்தடுப்பான்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

* * *

ஐயா, இதற்குக் கருவியே வேண்டியதில்லை. முன்கால்களின் அடியில் ஆப்பு வைத்து, அலமாரியைச் சுவர்ப்பக்கம் சற்றே சாய்த்து நிறுத்தினால் போதும். ‘சாய்வாப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

* * *

ஆப்பு நல்லதுதான், ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும். 30 கிலோ எடையும் 30 செ.மீ. ஆழமும் உள்ள வெற்று அலமாரியில், அதைப் பின்னால் இழுத்து நிறுத்தும் எடை முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. தொலைவில் இருப்பதால் பெருக்குத்தொகை 450 ஆகிறது. திறந்த இழுப்பறையில் 20 கிலோ எடையுள்ள குழந்தை ஏறி, முன்விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே தொங்கினால் அது 600 ஆகிவிடும், அலமாரி விழும். எஞ்சும் 150-ஐ 175 செ.மீ. உயரத்தில் தடுக்க ஒரு கிலோவுக்கும் குறைந்த இழுவிசை போதும், 50 செ.மீ. உயரத்திலோ மூன்று கிலோ வேண்டும். ஆகவேதான் தலைப்பகுதியில் பூட்டுகிறோம். வார் தொய்ந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது; விழத் தொடங்கிய அலமாரி வெடுக்கென்று இழுத்துத் திருகாணியையே பிடுங்கிவிடும்.

சொல்லைப் பற்றி: படகு கவிழும், குடம் கவிழும், அலமாரி சாயும். ‘சுவர்ப்பிணை’ என்பது என் முன்மொழிவு.

* * *

எங்கள் வீட்டு அலமாரியையும் சுவரோடு பூட்டித்தான் வைத்திருந்தோம். ஆனால், பொருத்தியவர் திருகாணியை மெல்லிய பின்பலகையில் முடுக்கியிருந்தார். அலமாரி விழுந்தபோது அந்தப் பலகையின் ஒரு துண்டு மட்டும் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சொல்லை வைத்தாலும், மேற்சட்டத்தில்தான் பூட்ட வேண்டும் என்பதைக் கையேட்டில் எழுதிவிடுங்கள்.

* * *

‘பிணை’ என்றதும் நீதிமன்றப் பிணைதானே நினைவுக்கு வருகிறது? ‘நங்கூரம்’ என்றால் என்ன?

* * *

மாடு பிணைப்பதும் பிணைதான், அம்மா. ‘சுவர்’ முன்னே நிற்கும்போது குழப்பம் வராது. நங்கூரம் என்பதைச் சுவருக்குள் இருக்கும் செருகிக்கு விட்டுவைப்போம், ஏனெனில் அங்குதான் பிழை அதிகம் நேர்கிறது. செங்கற்சுவரைத் துளைக்கும்போது முதலில் பூச்சின் சாம்பல்நிறத் தூள் வரும்; பிறகு செந்தூள் வர வேண்டும். செந்தூள் வந்தபின்னும் செருகி முழுவதும் செங்கல்லுக்குள் அடங்கும் அளவுக்குத் துளைக்க வேண்டும். பூச்சிலேயே நின்றுவிட்ட செருகி, திருகாணியை முடுக்கும்போது கூடவே சுழலும். அப்படிச் சுழன்றால் அந்தத் துளையை விட்டுவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும். உள்ளீடற்ற பலகைச்சுவராக இருந்தால், உள்ளிருக்கும் மரச்சட்டத்தைத் தேடிப் பூட்டுவதே முறை.

* * *

நன்றி. ‘சுவர்ப்பிணை’ என்று மாற்றிவிட்டேன். மேற்சட்டத்தையும் தூளின் நிறத்தையும் பற்றிய குறிப்புகளைப் படத்தின் அருகிலேயே சேர்க்கிறேன். செருகிக்கு ‘நங்கூரம்’ என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உள்ளது. அதை இழுத்துக்கட்டும் வாராகவே வாசகர் எண்ணிவிடலாம்.