புதுப்பிப்பு: பாக்கெட்டில் நமுத்துப்போகும் முறுக்கு

"காலையில் போட்ட முறுக்கு மறுநாளே நமுத்துப்போகுது, நாலு நாளில் சிக்கு வாடை. ஏன்?"

இதற்குத் தடிமனான கவர் போடுங்கள் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. அது வெளி ஈரத்தைத்தான் தடுக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சீல் வைத்தால் ஆவி உள்ளேயே அடைபடும். பத்து நிமிஷத்தில் கவரின் உட்பக்கம் பனி படர்ந்தால் அதுதான் காரணம். எண்ணெய் வடியவிட்டு, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நன்றாக ஆறவைத்த பிறகே கட்டவும்.

வாடைக்குக் காரணம் வேறு, எண்ணெய் பழுதாவது. மூத்த மாஸ்டர் ஒருவர் சொன்னபடி, பழைய எண்ணெயை மாற்றி, சரக்கை வெயிலும் விளக்குச் சூடும் படாத அலமாரித் தட்டுக்கு நகர்த்தியதில் வாடை குறைந்தது. கண்ணாடி அலமாரியில் மாதிரிக்குக் கொஞ்சம் போதும்.

லட்டு பூஞ்சை பிடிக்கிறது என்றவருக்கு: அது பாகின் ஈரப் பிரச்சினை, தனியாகக் கேளுங்கள்.

கவரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வாயு நிரப்பிச் சீல் வைக்கும் நைட்ரஜன் பாக்கிங் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.