புதுப்பிப்பு: குழந்தை வேணுமா வேணாமா பிரச்சனை

முன்னாடி கேட்டது: "எனக்குக் குழந்தை வேணாம், அவனுக்கு கண்டிப்பா வேணும். இதுக்காகப் பிரியறதா?"

கருமுட்டைய ஃப்ரீஸ் பண்ணி வைன்னு ஒருத்தர் சொன்னீங்க, அது பின்னாடி பெத்துக்க நினைக்கறவங்களுக்குங்க, எனக்கு வேணவே வேணாமே. இன்னொரு அக்கா அவங்க மாமியார் கதைய சொன்னாங்க (பாவம், ஆனா எங்களுக்கு வீட்டு ப்ரஷர் இல்ல). கவுன்சிலிங் பண்றவங்க ஒருத்தர் சொன்னதுதான் வேலைக்கு ஆச்சு: உங்க ரெண்டு பேர்ல இன்னொருத்தர் மனசு மாறவே மாட்டார்னு வெச்சுக்கிட்டு, அப்போ என்ன ஆகும்னு ரெண்டு பேரும் தனித்தனியா பதில் எழுதுங்கன்னு.

எழுதினோம். அவன் "சரின்னு இருந்துடுவேன், ஆனா நாப்பது வயசுல உன் மேல கோவம் வரும்"னு எழுதியிருந்தான், நான் "உனக்காகப் பெத்தா அந்தக் குழந்தைக்கு நல்ல அம்மாவா இருக்க மாட்டேன்"னு எழுதியிருந்தேன். படிச்சதுக்கப்புறம் சண்டையே வரல.

பிரியறோம். ஃப்ரெண்ட்ஸா இருக்கலாம்ங்கறான், அது எனக்கு இன்னும் தெரியல.