"பில் பாதி!" என்று தலைப்பு போடலாமா?

செங்காங் செல்வா: நாலறை வீட்டு கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வீடியோ போட்டிருக்கிறேன். முதலில் வைத்த தலைப்பு "சிங்கப்பூர் வீட்டில் மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி?". தலைப்பைக் கண்டவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று காட்டும் சிடிஆர் 2.4 சதவீதம்தான். "இந்த ஒரு ஸ்விட்ச் போதும், பில் பாதி!" என்று மாற்றியதும் 6.8க்கு ஏறியது, ஆனால் கருத்துப் பகுதியில் திட்டுகிறார்கள். திட்டு வாங்காமல் ஆவலைத் தூண்டும் தலைப்பை எப்படி எழுதுவது?

தெக்கா மணி: 6.8 வந்த பிறகு என்ன கேள்வி தம்பி? விட்டுவிடு. திட்டுவதும் கமெண்ட்தான், அதையும் யூடியூப் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சாதுவான தலைப்பை வைத்துவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று அழுவதைவிட இது மேல்.

எடிட்டர் நாகா: மணி அண்ணே, கிளிக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2012லேயே யூடியூப் வியூவைவிடப் பார்க்கும் நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. செல்வா, யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் பார்வையாளர் வரைபடத்தைத் திறங்கள். 30 விநாடி தாண்டியும் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள், தலைப்பு மாற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? அப்புறம், வீடியோவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று நாலு வரியில் சொல்லுங்கள்.

செங்காங் செல்வா: முன்பு 68, இப்போது 41. கதை இதுதான்: ஏர்கானை 22லிருந்து 25க்கு வைத்தோம், ஆனாலும் பில் 120 வெள்ளியிலிருந்து 150க்குப் போனது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தார்கள். மின்நிறுவனமான எஸ்பியின் செயலியில் அரைமணி வாரியாகப் பார்த்தால், எல்லாரும் தூங்கும் விடியற்காலை 3 மணிக்கும் அவ்வப்போது கரண்ட் எகிறியது. தேடினால் குளியலறை ஸ்டோரேஜ் ஹீட்டர்! யாரும் ஸ்விட்சை அணைக்கவில்லை. தண்ணீர் ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மட்டும் போட ஆரம்பித்தோம், மறுபடி 120க்கு வந்துவிட்டது.

ஜூரோங் கலா: எங்கள் வீட்டிலும் ஹீட்டர் இருக்கிறது. இன்ஸ்டன்ட் வாங்கினால் நல்லதா?

எடிட்டர் நாகா: அக்கா, அது தனிக் கதை. செல்வா, 150 போய் 120 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பாதி எங்கே இருந்து வந்தது? வந்தவர் முதல் அரை நிமிடம் அந்தப் பாதியைத்தான் தேடுகிறார், கிடைக்காததும் கிளம்புகிறார். 68 எப்படி 41 ஆனது என்று கேட்டால் அதுதான் பதில்.

நான் தலைப்பு எழுதும்போது ஒரு கேள்வி கேட்பேன்: கிளிக் செய்யாமல் கடந்து போகிறவர் எதை நம்பிக்கொண்டு போவார்? "ஒரு ஸ்விட்ச், பில் பாதி" என்று படித்தவர் பொய்யை நம்பிக்கொண்டு போகிறார், வீடியோவையும் பார்க்கவில்லை. அதனால் கமெண்டில் திட்டாதவர்களிடமும் உங்கள் பெயர் கெடுகிறது.

தெக்கா மணி: உண்மையை முழுசாகச் சொல்லிவிட்டால் எவன் உள்ளே வருவான்? மறைத்தால்தான் ஆவல்.

எடிட்டர் நாகா: பாதி சரி. எதையாவது மறைக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் மறைத்தால் ஆவலே வராது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: கொஞ்சம் தெரிந்து மிச்சம் தெரியாமல் இருக்கும்போதுதான் அந்த இடைவெளி உறுத்தும். "இந்த ஒரு ஸ்விட்ச்" என்பதில் பார்ப்பவருக்குத் தெரிந்தது எதுவுமில்லை. செல்வாவின் கதையிலேயே உறுத்தல் இருக்கிறது, ஏர்கானைக் குறைத்தும் பில் ஏறியது. அதைத் தலைப்பில் முன்னால் வையுங்கள்.

வாசுகி: "எங்கள் பில் ஏறக் காரணம் ஏர்கான் இல்லை" என்று போடலாமே? சின்னது, நறுக்கென்று இருக்கிறது.

எடிட்டர் நாகா: நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடந்து போகிறவர், ஏர்கானை எப்படி ஓட்டினாலும் பில்லுக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்வார். ஏறிய 30 வெள்ளிக்குக் காரணம் ஹீட்டர். மிச்சம் 120இல் ஏர்கானுக்குப் பெரிய பங்கு இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை உண்மை, ஆனால் மனதில் பதிவது தப்பு.

நான் போட்டால் இப்படி: "ஏர்கானைக் குறைத்தும் பில் ஏறியது, காரணம் குளியலறையில்". போனில் தலைப்பின் வால் வெட்டுப்பட்டாலும் முக்கியமான பாதி நின்றுவிடும். யூடியூப் தரும் 100 எழுத்தில் தமிழுக்குப் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகச் சேரும், "சிங்கப்பூர்" மட்டுமே 11 எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

வாசுகி: குளியலறை என்றதும் ஹீட்டர்தான் என்று யாருக்கும் தெரிந்துவிடுமே. விடை தெரிந்த பிறகு எதற்குக் கிளிக்? இன்னொன்று, தேடி வருகிறவர் "ஹீட்டர் கரண்ட் பில்" என்றுதான் தட்டுவார். உங்கள் தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை.

எடிட்டர் நாகா: யூகித்தவரும் தன் யூகம் சரியா என்று பார்க்க வருவார் என்பது என் எண்ணம். தேடலைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். செல்வா, இந்த வீடியோவுக்கு ஆள் எங்கிருந்து வருகிறது? தேடலா, முகப்பா?

செங்காங் செல்வா: பெரும்பாலும் முகப்பு.

எடிட்டர் நாகா: அப்படியானால் தலைப்பு முகப்புக்கு இருக்கட்டும், ஹீட்டரை விவரக்குறிப்பின் முதல் வரியில் போடுங்கள். தேடல்தான் அதிகம் என்றால் வாசுகி சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

வாசுகி: சரி, ஒரு சந்தேகம். வீட்டில் இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள். 30 வெள்ளி சுவிட்சால் வந்ததா, அவர்கள் குளித்ததால் வந்ததா?

செங்காங் செல்வா: பில் இறங்கியபோதும் அம்மா அப்பா இங்கேதான் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் திட்டித் திட்டி குளியல் நேரமும் குறைந்துவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

வாசுகி: அப்போ அதை வீடியோவில் சொல்லுங்கள். எந்தத் தலைப்பு வைத்தாலும் அந்த ஓட்டை இருக்கிறது.

ஜூரோங் கலா: இப்போதுதான் விஷயம் புரிகிறது. நான் மீன் தலைக் கறி வீடியோவில் "ரகசியப் பொருள்" என்று போட்டேன். கடைசி நிமிடத்தில் வெந்தயம் என்று காட்டினேன். ஒரு பெண்மணி "இது எங்க வீட்டு நாய்க்கும் தெரியும்" என்று எழுதிவிட்டுப் போனார்.

தெக்கா மணி: ஹா ஹா. ஆனால் இப்படிப் போட்டால் சேனலையே தூக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், அதற்காகத்தான் நானும் இப்போது யோசிக்கிறேன்.

எடிட்டர் நாகா: நீங்கள் கேள்விப்பட்டது 2024 டிசம்பரில் யூடியூப் இந்தியாவுக்கு வெளியிட்ட அறிவிப்பாக இருக்கும். தலைப்பில் சொன்னது வீடியோவில் இல்லவே இல்லை என்றால் எடுத்துவிடுவோம் என்றார்கள், குறிப்பாகச் செய்தி, நடப்பு விவகாரங்களில். வெந்தயத்துக்கு ஒன்றும் ஆகாது, கலா அக்கா. அதை முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டு, எப்போது, எவ்வளவு போடுவது என்பதைத் தலைப்பாக்குங்கள்.

செங்காங் செல்வா: நாகா சொன்ன தலைப்பை வைத்து ஒரு வாரம் ஆகிறது. சிடிஆர் 4.9, 30 விநாடியில் 66.

தெக்கா மணி: 6.8 போய்விட்டதே!

எடிட்டர் நாகா: கிளிக் குறைந்தாலும் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். வீடியோவைப் புதியவர்களுக்குக் காட்டக் காட்ட சிடிஆர் தானாகவும் இறங்கும், அதனால் முகப்பை மட்டும் தனியாகப் பிரித்து அடுத்த வாரமும் பாருங்கள். ஆமாம், இப்போது உங்கள் சேனலைத் திறந்து பார்த்தேன். தம்ப்நெயிலில் சிவப்பு எழுத்தில் "50%" இன்னும் நிற்கிறது.

செங்காங் செல்வா: ஐயோ. இன்றைக்கே மாற்றுகிறேன்.

தெக்கா மணி: மாற்றாதே. அதனால்தான் 4.9ஆவது வருகிறது.