ரெக்கார்டு நோட்டில் ஏறிக்கொண்டே போன மின்தடை

மாணவி, கோபிசெட்டிபாளையம்

கடந்த வாரச் செய்முறை வகுப்பில், 5 ஓம் என்று எழுதியிருந்த நிக்ரோம் கம்பிச் சுருளை வைத்து ஓம் விதியைச் சரிபார்த்தேன். ரியோஸ்டாட்டை நகர்த்தி நான்கு அளவீடுகள் எடுத்தேன்.

| வோல்ட் | ஆம்பியர் | V/I |
|---|---|---|
| 0.5 | 0.12 | 4.17 |
| 1.0 | 0.22 | 4.55 |
| 1.5 | 0.32 | 4.69 |
| 2.0 | 0.42 | 4.76 |

கடைசிக் கட்டத்தில் ஒரே எண் வர வேண்டும் என்றார்கள். எனக்கோ அது ஏறிக்கொண்டே போனது. பக்கத்து மேசைத் தோழி நான்கு வரிகளிலும் 5.0 என்று எழுதிக் கையொப்பமும் வாங்கிவிட்டாள்.

எலக்ட்ரீசியன், பெருந்துறை

கம்பி சூடேறியிருக்கிறது, தங்கச்சி. சூடு ஏறினால் மின்தடையும் ஏறும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் இடையில் பிளக் கீயை எடுத்துச் சுருளை ஆறவிட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், பொள்ளாச்சி

கீயை எடுத்து ஆறவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே குற்றவாளி சூடு அன்று. 2 வோல்ட்டில் அந்தச் சுருளில் செலவாகும் திறன் ஒரு வாட்டுக்கும் குறைவு. நிக்ரோமின் மின்தடையோ வெப்பத்தால் மிகக் கொஞ்சமே மாறும். தவிர, சூடுதான் காரணமென்றால் மின்னோட்டம் கூடக்கூட V/I ஐந்தை விட்டு விலகிப் போக வேண்டும். உங்கள் அட்டவணையில் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் விலகல் பெரிதாக இருக்கிறது. பிறகு ஐந்தை நெருங்குகிறது.

கீயைப் போடுவதற்கு முன்பே அம்மீட்டர் முள் பூச்சியத்தைத் தாண்டி ஒரு சிறு கோட்டில் நின்றிருக்கும். அந்த வகை மீட்டரில் ஒரு கோடு 0.02 ஆம்பியர். அதை ஒவ்வொரு வரியிலும் கழித்தால் 0.10, 0.20, 0.30, 0.40 என்று வரும். வரைபடம் போட்டிருந்தால் கழிக்காமலே தெரிந்திருக்கும்: கோடு நேராகத்தான் இருக்கும், ஆனால் ஆதிப்புள்ளி வழியே போகாது. வோல்ட் 0.5-லிருந்து 2.0 ஆகும்போது ஆம்பியர் 0.12-லிருந்து 0.42 ஆகிறது, 1.5-ஐ 0.30-ஆல் வகுத்தால் சரியாக 5. தோழியின் நோட்டில் ஆம்பியர் எண்களையும் பாருங்கள்; உங்களுடையவைபோல இருந்தால் அவற்றிலிருந்து 5.0 வர வழியே இல்லை.

தாராபுரத்திலிருந்து ஒருவர்

என் மகன் டார்ச் பல்பை வைத்துச் செய்தான். அவனுக்கும் V/I ஏறியது. அவனுடைய மீட்டரையும் மாற்றச் சொல்ல வேண்டுமா, ஐயா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், பொள்ளாச்சி

வேண்டாம். பல்பின் இழை உண்மையாகவே வெகுவாகச் சூடேறுகிறது. அங்கே எலக்ட்ரீசியன் தம்பி சொன்னதே சரி, வரைபடமும் வளைந்தே வரும்.

மாணவி, கோபிசெட்டிபாளையம்

இன்று போய்ப் பார்த்தேன், ஐயா. முள் ஒரு கோடு தள்ளித்தான் நிற்கிறது. முகப்பிலுள்ள திருகைத் தொட ஆய்வகப் பணியாளர் விடவில்லை. எனவே திருத்தத்துக்குத் தனிக் கட்டம் போட்டு எழுதினேன். எங்கள் ஆசிரியை, மாதிரி அட்டவணையில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று சொல்லி, கையொப்பமிடாமல் நோட்டை வாங்கி வைத்திருக்கிறார்.