‘நோட்டீஸ் டு கியூர்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ரா., பண்டாரவளை

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். ஹட்டனில் ஒருவர் தன் கடையை நொத்தாரிசு உறுதி எழுதி 3 வருடக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார், மாதம் 45,000 ரூபா. குத்தகைகாரர் கடையின் முன்பாதியைப் பலகை அடித்து மறித்து, கைப்பேசி திருத்தும் ஒருவருக்கு 30,000 ரூபாவுக்கு விட்டுவிட்டார். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லை. உறுதியின்படி இப்படி ஏதும் நடந்தால் முதலில் கடிதம் எழுதி 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள் சரிசெய்யாவிட்டால்தான் குத்தகையை முடிக்கலாம்.

சட்டத்தரணியின் ஆங்கிலக் கடிதத்தின் தலைப்புதான் ‘நோட்டீஸ் டு கியூர்’. குத்தகைகாரருக்கு ஆங்கிலம் வராது என்பதால் தமிழ்ப் பிரதியும் கூடவே போகிறது. அகராதியைப் பார்த்து ‘குணப்படுத்தல் அறிவித்தல்’ என்று போட்டேன். உரிமையாளர் வாசித்துவிட்டு, “யாருக்குத் தம்பி வருத்தம்?” என்று கேட்டார்.

மு., தலவாக்கலை

தம்பி, எதற்கு இவ்வளவு சுற்று? ‘வெளியேறும் அறிவித்தல்’ என்று போட்டுவிடுங்கள், எல்லோருக்கும் விளங்கும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது, எழுத்துச் சம்மதமில்லாமல் கீழ்வாடகைக்கு விட்டால் அவனையும் உள்ளே இருப்பவனையும் சேர்த்து வெளியேற்றக் கேட்கலாம் என்று. அவகாசமெல்லாம் சும்மா மரியாதைக்கு.

சா., நுவரெலியா

எனக்கும் இப்படி ஒரு கடிதம் தேவை. நான் வாடகைக்கு இருக்கும் கடையின் கூரைத்தகரம் இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. மாச் சாக்கை வைக்க இடமில்லை. உரிமையாளரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ‘குறைதீர் அறிவித்தல்’ என்று எழுதினால் சரியாக இருக்குமா, அண்ணா?

ப., பதுளை

சா. அக்கா கேட்டது வேறு விஷயம், ஆனால் நல்ல உதவி செய்துவிட்டார். நான் ‘குறைதீர் அறிவித்தல்’ என்றுதான் எழுத வந்தேன். கேட்டவுடன் கூரை ஒழுக்குத்தான் நினைவுக்கு வரும் என்றால் அந்தச் சொல் இங்கே உதவாது. குறை என்பது இடத்தில் இருப்பது. இங்கே நடந்திருப்பது ஒப்பந்தத்தை மீறிய செயல்.

‘பரிகார அறிவித்தல்’ எப்படி? எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது, சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றச் சொல்வதுபோல.

க., கண்டி

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முதலில் மு. அவர்களின் யோசனை. சட்டத்தில் அவர் சொல்வது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தாது. ஆண்டுப் பெறுமதி ஓர் எல்லையைத் தாண்டிய கட்டடங்கள் அதற்கு வெளியே நிற்கும். பொருந்தினாலும், அந்தப் பகுதியை உள்ளே இருப்பவர் வாடகை கொடுத்துத் தனியாக, தனக்கே உரியதாக வைத்திருந்தால்தான் அது கீழ்வாடகை. மச்சான் ஒரு மூலையில் மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது கீழ்வாடகை ஆகாது. ஹட்டன் கடையில் தனிப் பூட்டு இருக்கிறதா, தனிப் பெயர்ப்பலகை இருக்கிறதா, அந்த விலாசத்தில் வியாபாரப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். படமும் பிரதியும் எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், உரிமையாளர் தானே கையெழுத்திட்ட உறுதியில் 30 நாள் தருவேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைத் தராமல் ‘வெளியேறு’ என்று முதல் கடிதத்திலேயே எழுதினால், வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே தலைப்பிலேயே இது வெளியேற்றக் கடிதம் அல்ல என்பது தெரிய வேண்டும்.

என் சொல் ‘மீறல் நிவர்த்தி அறிவித்தல்’. மீறல் என்றால் எதைப் பற்றி என்பது விளங்கும், நிவர்த்தி என்றால் வாய்ப்பு இன்னும் இருக்கிறது என்பது விளங்கும். கூட வரும் சொற்களும் தானாக அமையும். ‘நிவர்த்திக் காலம்’, ‘நிவர்த்தி செய்யாத மீறல்’, ‘நிவர்த்தி செய்யக்கூடிய மீறல்’. குணப்படுத்தலை வைத்து ‘குணமாகாத மீறல்’ என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புதான் வரும்.

ப., பதுளை

தோஷ நிவர்த்தியும் அதே வீட்டுச் சொல்தானே ஐயா! ‘மீறல் நீக்கல் அறிவித்தல்’ என்றால் தமிழாகவும் இருக்கும். நீக்கல் காலம், நீக்காத மீறல், எல்லாம் வருகின்றனவே.

க., கண்டி

வரும்தான். ஆனால் ‘நீக்கல்’ என்றால் வேலையிலிருந்து நீக்குவதும் நினைவுக்கு வரும். கடையிலிருந்து தன்னை நீக்குவதாகக் குத்தகைகாரர் எடுத்துக்கொண்டால்? தலைப்பில் எது வந்தாலும் சரி, உள்ளே நாலு விஷயம் தெளிவாக இருந்தால் போதும். எந்தப் பிரிவு மீறப்பட்டது, என்ன செய்தார், என்ன செய்தால் அது சரியாகும், எந்தத் திகதிக்குள். மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மீறலைச் சரிசெய்க’ என்று மட்டும் எழுதினால், பலகையைக் கழற்றிவிட்டு, திருத்துபவரை அங்கேயே வைத்துக்கொண்டு ‘சரிசெய்துவிட்டேன்’ என்பார். ‘கீழ்க்குத்தகையை முடித்து, அவரை வெளியேற்றி, முன்பாதியைத் திரும்ப உங்கள் கைக்கு எடுத்து, அதை எழுத்தில் அறிவிக்க’ என்று எழுதுங்கள்.

ரா., பண்டாரவளை

நன்றி ஐயா. 30 நாள் கணக்கில் ஒரு கேள்வி. கடிதம் ஜூன் 2 ஆம் திகதி பதிவுத் தபாலில் போகிறது, 5 ஆம் திகதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் எது?

க., கண்டி

முதலில் உறுதியைப் பாருங்கள், ‘அனுப்பிய நாளிலிருந்து’ என்றா ‘கிடைத்த நாளிலிருந்து’ என்றா எழுதியிருக்கிறது என்று. கிடைத்த நாள் என்றால் 6 ஆம் திகதியை முதல் நாளாக எண்ணுங்கள். கடைசி நாள் ஜூலை 5. குத்தகையை முடிக்கும் கடிதம் அந்த நாள் முடியுமுன் எழுதப்படக் கூடாது. நானாக இருந்தால் இரண்டு நாள் கூட விட்டுத்தான் எழுதுவேன். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. குத்தகையை முடித்த பிறகும் குத்தகைகாரர் வழக்கம்போல 45,000 ரூபாவை வங்கியில் போட்டுவிடுவார். உரிமையாளர் பேசாமல் இருந்தால், வாடகை வாங்கிவிட்டார், குத்தகை தொடர்கிறது என்று வாதாட இடம் கிடைக்கும். திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது ‘இதை வாடகையாக ஏற்கவில்லை, கடையில் தொடர்ந்து இருப்பதற்கான நட்டஈடாகவே, என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெறுகிறேன்’ என்று உடனே எழுத வேண்டும்.

மு., தலவாக்கலை

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் 30 நாள் முடிந்தும் நகரவில்லையென்றால்? எங்கள் பக்கத்தில் ஒருவர் இராவோடு இராவாகப் பூட்டை மாற்றிவிட்டார்.

க., கண்டி

அப்படிச் செய்தால் நியாயம் குத்தகைகாரர் பக்கம் போய்விடும். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் என்று அவரே ‘66’ வழக்கில், அதாவது இடம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற பிணக்குக்கான 66 ஆம் பிரிவு வழக்கில், போய் நிற்பார், இரண்டு மாதத்துக்குள் போனால் கடையைத் திரும்ப அவரிடமே கொடுக்கச் சொல்லிக் கட்டளை வரலாம். மின்சாரத்தை வெட்டுவதும் அதே கதைதான். மாவட்ட நீதிமன்றத்துக்கே போங்கள். கைப்பேசி திருத்துபவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

சா., நுவரெலியா

அப்போ என் கூரை?

ரா., பண்டாரவளை

அக்கா, உங்களுடையதுக்கு ‘குறைதீர்’ நல்ல சொல், அதை உங்களுக்கே விட்டுவிட்டோம். உங்கள் ஒப்பந்தத்தில் திருத்தும் பொறுப்பு யாருக்கு என்று இருக்கிறது என்பதைத் தனியாக எழுதுங்கள்.

ஹட்டன் கடிதத்துக்கு இப்போதைக்கு ‘மீறல் நிவர்த்தி அறிவித்தல்’ என்றே போட்டு, அதன் கீழ் ‘இது வெளியேறும் அறிவித்தல் அல்ல’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உரிமையாளருக்கு அந்த வரி பிடிக்கவில்லை, பயம் காட்டாத கடிதத்துக்கு எதற்குக் காசு கொடுத்தேன் என்கிறார்.

ப., பதுளை

என் ஓட்டு இன்னும் ‘நீக்கலுக்கே’.